மேட்டில் ஏறிய ஆறு

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே சுரைக்காயைத்தான் அளந்து மதிப்பெண் போடுகிறார்கள். புவியியல் டீச்சருக்கு இந்த விஷயத்தில் பதினாறு வருஷக் கோபம். "பருவக்காற்று என்றால் என்ன?" என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் கமா பிசகாமல் எழுதுவார்கள். வெளியே மழை கொட்டும்போது, "இந்தக் காத்து எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டால், நாற்பத்திரண்டு பேரும் புத்தகத்தைத் திறப்பார்கள்.

அதனால்தான் அவள் தலைமையாசிரியரிடம் போய் நின்றாள். முழுத்தேர்வுத் தாளில் நாற்பது மதிப்பெண்ணுக்கு, மனப்பாடத்தால் எழுத முடியாத கேள்விகளாக வைக்க வேண்டும் என்று கேட்டாள். தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். எதையும் எண்ணாக மாற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"வெச்சுக்கோங்கம்மா. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த நாப்பதுல வகுப்பு சராசரி இருபதைத் தொடணும். தொடலேன்னா, அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் புவியியலையும் வரலாற்று சார்கிட்டயே குடுத்துடுவேன். அவர் நோட்ஸ் குடுத்தா நூத்துக்கு நூறு தேர்ச்சி. பெத்தவங்க கேட்டா நான் பதில் சொல்லணும்ல?"

வரலாற்று சார் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் அவர் வகுப்பில் ஒருவன் கேள்வி கேட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள், மணி அடிக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ஒன்பதாம் வகுப்பு அவர் கைக்குப் போனால் ஆறும் மழையும் நோட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது டீச்சருக்குத் தெரியும். அவளுக்கு உயிரே அந்த வகுப்புதான். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேள்வித்தாள் தயாரானது. முக்கியமான இருபது மதிப்பெண் ஒரு வரைபடத்தை நம்பி இருந்தது. போன வருஷம் வகுப்பில் பயன்படுத்திய படம் அவளிடம் இருந்தது. இடது பக்கம் மேடு, வலது பக்கம் பள்ளம், நடுவே ஓர் ஆறு, அதில் வந்து சேரும் இரண்டு கிளையாறுகள், சம உயரக் கோடுகள். அதையே வைத்தால் அண்ணன் அக்கா நோட்டைப் பார்த்து வைத்திருக்கிற பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து எழுதிவிடும். எனவே டிரேசிங் தாளில் படத்தை நகல் எடுத்து, தாளை அப்படியே திருப்பிப் போட்டாள். இப்போது மேடு வலது பக்கம், பள்ளம் இடது பக்கம். ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி தாளைப் பிடித்துக்கொண்டு, கோடுகளைப் புதுத்தாளில் இழுத்தாள்.

தாளின் இரு முனையைப் பிடிக்க அவள் கணவர் அழைக்கப்பட்டிருந்தார். பஸ் ஓட்டுநர், வாரத்தில் ஒரே நாள் லீவு.

"ஒரு கேள்வி கேக்குறதுக்கு இத்தனை கஷ்டமா? எங்கம்மா தினம் நூறு கேள்வி கேக்குறாங்க. ஒரு பேப்பர் உண்டா, பென்சில் உண்டா?"

"ஆடாம பிடிங்க. கோடு கோணினா மலை கோணிடும்."

"அடேங்கப்பா, மலையே என் கையில இருக்கா! முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சட்டையா போட்டிருப்பேனே."

அவள் சிரித்துக்கொண்டே சம உயரக் கோடுகளுக்கு எண் போட்டாள். இடமிருந்து வலமாக நாற்பது, எண்பது, நூற்றிருபது, நூற்றறுபது, இருநூறு மீட்டர். ஆற்றங்கரையில் இடது பக்கம் ஓர் ஊர், அதற்கு 'அ' என்று பெயர். வலது பக்கம் ஓர் ஊர், அது 'ஆ'. இரண்டுக்கும் நடுவே காடு. கடைசியாக ஆறு ஓடும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி. பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் அவள் வரைந்த ஆறுகள் எல்லாம் இடமிருந்து வலமாகவே ஓடின. கை தானாக ஓடி, இதற்கும் அப்படியே அம்பு போட்டது. போட்ட அம்பைப் பார்த்தே விடைக்குறிப்பும் எழுதினாள். யானைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் எந்த யானையாவது சறுக்கின இடத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, உறையில் வைத்து ஒட்டிக் கையெழுத்தும் போடுமா? இவள் போட்டாள்.

கேள்வி இதுதான். 'இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள காட்டை வெட்டிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். அடுத்த பருவமழையில் எந்த ஊருக்கு வெள்ள அபாயம் கூடும்? காரணத்தைப் படத்திலிருந்து காட்டுக. அந்த ஊரின் தலைவர் நீங்கள் என்றால், கரையோர நிலத்தில் பள்ளிக்கூடம், நெல்வயல், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை எங்கெங்கே வைப்பீர்கள்? ஏன்?'

தேர்வு முடிந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வித்தாள் எடுத்தவர் திருத்தக் கூடாது. விடைக்குறிப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். புவியியல் விடைத்தாள் கட்டு வரலாற்று சார் மேசைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மதியம், ஆசிரியர் அறையில் டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. நிஜமான வருத்தம்.

"ஏம்மா, நான் அப்பவே சொன்னேன். குருவி தலையில பனங்காயை வெக்காதீங்கன்னு. சராசரி பதினாலு."

டீச்சர் பாதி மூடிய டப்பாவை மேசையில் வைத்தாள். "எவ்வளவு சார்?"

"பதினாலு புள்ளி ரெண்டு. மத்த கேள்வியெல்லாம் பரவாயில்ல. ஒரே அளவு மழை எழுபது நாள்ல பரவலா பெய்யறதுக்கும் இருபத்தெட்டு நாள்ல கொட்டித் தீர்க்கறதுக்கும் விவசாயிக்கு என்ன வித்தியாசம்னு கேட்டீங்களே, அதை நல்லாவே எழுதியிருக்குதுங்க. படக் கேள்வியிலதான் கவுந்துட்டாங்க. முப்பத்தோரு பேர் தப்பு. உங்க விடைக்குறிப்புல 'ஆ'. பசங்க 'அ'ன்னு எழுதி வெச்சிருக்குதுங்க. முதல் பகுதி போச்சுன்னா ரெண்டாவதும் போச்சு. கட்டு ஹெச்.எம். ரூம்ல இருக்கு. உங்களைக் கூப்பிடுறார்."

வராண்டாவில் நடக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க வகுப்பில் மணல் தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றி, மேடு பள்ளம் காட்டியிருந்தாள். புல் முளைத்த தொட்டியிலும் வெறும் மண் தொட்டியிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதில் சீக்கிரம் வழிகிறது என்று பிள்ளைகளையே நேரம் பார்க்க வைத்திருந்தாள். முப்பத்தோரு பேருக்கு ஒன்றுமே ஏறவில்லையா? அப்படியானால் தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, தன் மேல்தான் என்று தோன்றியது.

தலைமையாசிரியர் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "பாருங்கம்மா. பார்த்துட்டுப் பேசுவோம்."

அவள் முதல் தாளை எடுத்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருஷமெல்லாம் நோட்டின் ஓரத்தில் லாரி வரைந்துகொண்டிருந்தவன் எழுதியது. எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. 'அம்புக்குறி சொல்வது போல் ஆறு ஓடினால் நாற்பது மீட்டரிலிருந்து இருநூறு மீட்டருக்கு ஏற வேண்டும். பம்பு செட் வைத்தால் ஒழிய நடக்காது. கிளையாறுகள் வந்து சேரும் சாய்வைப் பார்த்தாலும் தண்ணீர் இடது பக்கம்தான் போகிறது. ஆகவே காடு வெட்டினால் அடி வாங்கப் போவது அ.'

டீச்சர் திரும்பப் படித்தாள். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள். எண்களைப் பார்த்தாள். அம்பைப் பார்த்தாள்.

"ஐயையோ" என்றாள்.

அடுத்த தாள். 'சம உயரக் கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் வளைந்து, கூர்மை மேட்டுப் பக்கம் காட்டும். இங்கே வலது பக்கம் காட்டுகிறது. எனவே மேடு வலது பக்கம்.' அதற்கு அடுத்தது. 'அம்பு தவறு. இது எங்களைச் சோதிக்கத் தாங்கள் வேண்டுமென்றே வைத்த பொறி என்று கண்டுபிடித்துவிட்டேன். நன்றி டீச்சர்.' இன்னொரு தாளில் ஒரு பெண் இரண்டாம் பகுதிக்குத் திடலைக் கரையிலும், வயலை அடுத்த தட்டிலும், பள்ளிக்கூடத்தை எண்பது மீட்டர் கோட்டுக்கு மேலும் வைத்திருந்தாள். 'வெள்ளம் வந்தால் திடல் நனையும், இரண்டு நாள் விளையாட முடியாது, அழுவோம். பள்ளிக்கூடம் நனைந்தால் எங்களைத் தவிர எல்லாரும் அழுவார்கள்' என்று எழுதியிருந்தாள். எல்லாவற்றின் மேலும் வரலாற்று சாரின் சிவப்புப் பெருக்கல் குறி, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக நின்றது.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வேறு.

"என்னம்மா ஆச்சு?" தலைமையாசிரியர் பயந்துபோய்த் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

"பசங்க சரி சார். முப்பத்தோரு பேரும் சரி. அம்பு திரும்பி இருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டுவது போல முணுமுணுத்தார். பிறகு அந்தப் 'பொறி' தாளைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! வேணும்னே வெச்ச பொறியா இது? எனக்குக்கூடச் சொல்லல பாருங்க. பிரமாதம்மா! தப்பான தகவலைக் குடுத்து, அதை நம்பாம யோசிக்கிறாங்களான்னு பாக்குறது. அப்ப விடைக்குறிப்புல மட்டும் எழுத்துப் பிழை, அதானே? திருத்திட்டா முடிஞ்சுது."

தப்பிக்கிற வாசல் அகலமாகத் திறந்துகிடந்தது. 'ஆமாம் சார்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். வகுப்பும் அவளுக்கு, பெயரும் அவளுக்கு. சொல்ல வாய் எடுத்தவள், விடைத்தாள் கட்டில் அடுத்து இருந்த தாளைப் பார்த்தாள். முத்து முத்தான கையெழுத்து. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண். எதைக் கேட்டாலும் புத்தகப் பக்கத்தோடு ஒப்பிப்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்கு டேப் ரிக்கார்டர் என்று பெயர். 'அம்புக்குறியின்படி ஆறு வலப்பக்கம் ஓடுவதால், ஆ' என்று எழுதியிருந்தாள். 'அம்புக்குறியின்படி' என்ற சொல்லுக்கு முன்னால் வேறு ஏதோ எழுதி அடித்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் 'நாற்பது' என்று படிக்க முடிந்தது.

பொறி என்று சொன்னால், இந்தப் பெண்ணும் இன்னும் பத்துப் பேரும் பொறியில் விழுந்த எலிகள். டீச்சர் வரைந்ததை நம்பினார்கள் என்பதற்காகச் சைபர் வாங்குவார்கள்.

"பொறியெல்லாம் இல்ல சார். நான்தான் தப்பாப் போட்டேன். ஞாபகத்துல எழுதக் கூடாதுன்னு படத்தைத் திருப்பினேன். என் கை ஞாபகத்துல அம்பு போட்டுடுச்சு. விடைக்குறிப்பும் தப்புதான்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா சிக்கல்மா. கேள்வியே தப்புன்னா அந்தப் பகுதியை ரத்து பண்ணணும். விதி அப்படி. ரத்து பண்ணிட்டா சராசரியே இருக்காது. நீங்க கேட்டதுக்கு ஆதாரமே இல்லாமப் போயிடும்."

அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் மனது லேசாகத்தான் இருந்தது. வகுப்பு போனாலும் போகட்டும், முப்பத்தோரு பிள்ளைகள் அச்சடித்த அம்பை எதிர்த்து எழுதினார்களே! பதினாறு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான்.

"ரத்து பண்றதுக்கு முன்னாடி, நீங்க ரெண்டு பேரும் நாலே நாலு தாள் படிங்க சார். அது போதும்."

வரலாற்று சார் அதுவரை கதவோரம் நின்றிருந்தார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார், தான் திருத்திய தாளைத்தான். நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பம்பு செட் வரும் இடத்தில் அவர் தொந்தி குலுங்கியது. அந்த அறையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நாப்பத்திரண்டு தாள் திருத்தினேன் சார்" என்றார் மெதுவாக. "ஒரு தடவைகூடப் படத்தைப் பாக்கல. முதல் எழுத்தைப் பார்த்தேன், குறிப்பைப் பார்த்தேன், பெருக்கல் போட்டேன். இந்தக் கேள்வி எனக்கு வந்திருந்தா நான் ஃபெயில்."

"அது கிடக்கட்டும். விதிக்கு என்ன சொல்றீங்க?"

"கேள்வி தப்புன்னு விதி சொல்லுது. ஆனா கேள்விக்குப் பதில் இருக்கே சார்? நிலம் சரியா இருக்கு, எண் சரியா இருக்கு. அம்பு ஒண்ணுதான் பொய். பொய்யைக் கண்டுபிடிச்ச பசங்களோட உழைப்பை ரத்து பண்ணினா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்களுக்கு வரலாறு நடத்துறது? என்கிட்ட குடுங்க. ராத்திரியே திருத்தி..." என்றவர், கடிகாரத்தைப் பார்த்தார். "எதுக்கு ராத்திரி? இப்பவே உக்காருறேன்."

"அம்பை நம்பின பதினோரு பேர்?" என்றார் தலைமையாசிரியர்.

"அம்பை வெச்சு ஒழுங்கா காரணம் சொன்னவங்களுக்கு முழு மார்க் குடுக்கணும் சார்" என்றாள் டீச்சர். "என் தப்புக்கு அவங்க ஏன் அழணும்? காடு போனா தண்ணி மண்ணுல இறங்காம, சீக்கிரமா ஆத்துக்கு வந்து, கீழ இருக்கிற ஊரை அடிக்கும்னு எழுதியிருந்தா அது சரிதான். எது கீழன்னு பொய் சொன்னது நான்."

தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து நடந்ததை எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மணி நாலரைக்கு வரலாற்று சார் சிவப்புப் பேனாவை மூடினார். சராசரி இருபத்தாறு. தலைமையாசிரியர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். எண் அப்படியே நின்றது.

"வகுப்பு உங்களுக்குத்தான்மா" என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. இனிமே அம்பு போடாதீங்க. அதைப் பசங்களே போடட்டும், ரெண்டு மார்க்."

திங்கட்கிழமை விடைத்தாள் கொடுத்தாள். "அம்பு பொறி இல்ல. நான் தப்பாப் போட்டேன்" என்று டீச்சர் சொன்னதும் வகுப்பில் எழுந்த ஆரவாரம் இரண்டு கட்டடம் தாண்டிக் கேட்டிருக்கும். கடைசி பெஞ்சு லாரிக்காரன், "டீச்சர், உங்களுக்கு எவ்வளவு மார்க்?" என்றான். "அம்புக்குச் சைபர்டா" என்றாள். அதற்கும் ஓர் ஆரவாரம்.

எல்லாரும் சிரித்தபோது டேப் ரிக்கார்டர் மட்டும் சிரிக்கவில்லை. முழு மதிப்பெண் தாள் கையில் இருந்தது, கண் கலங்கியிருந்தது. டீச்சர் அவள் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"என்னடா கண்ணு? மார்க் வந்துடுச்சே."

"எனக்கும் தோணுச்சு டீச்சர்" என்றாள் அந்தப் பெண், குரல் உடைந்து. "நாற்பதுல இருந்து இருநூறுக்கு எப்படிப் போகும்னு எழுத ஆரம்பிச்சேன். அப்புறம் அடிச்சுட்டேன். நீங்க போட்டது எப்படித் தப்பா இருக்கும்னு..."

முப்பத்தோரு சரியான விடை கொடுத்த சந்தோஷமும் இந்த ஒரு வாக்கியமும் சேர்ந்து நெஞ்சில் முட்டின. தன்னை இவ்வளவு நம்பிய பெண்ணிடம், தன்னை நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. எழுந்து கரும்பலகைக்குப் போனாள். இரு பக்கமும் கடல், நடுவே வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று. மலைக்கு மேற்கே ஓர் ஊர், கிழக்குக் கடற்கரையில் ஓர் ஊர். இரண்டுக்கும் மாதவாரி மழை அளவை ஓரத்தில் அட்டவணையாக எழுதினாள். பிறகு பச்சைச் சாக்பீஸால் இரண்டு ஊரைச் சுற்றியும் வயல் வரைந்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது.

"டீச்சர்..." டேப் ரிக்கார்டர் எழுந்து நின்றிருந்தாள். கை பாதிதான் மேலே போயிருந்தது. "அது தப்பு. கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. காத்து மலையில மழையைக் கொட்டிட்டு வறண்டுதான் இறங்கும். அங்க எப்படி டீச்சர் வயல் வரும்?"

அந்தப் பெண் புத்தகம் இல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை, அதுவும் டீச்சரைத் தப்பு என்று.

"நல்ல கேள்வி. ஆனா நான் போட்டது சரின்னு சொல்றேன். நீ என்னை விடாதே. அட்டவணையைப் பார்த்துட்டு சண்டை போடு."

அவள் பலகை வரைக்கும் நடந்து வந்தாள். விரலை எண்கள் மேல் வைத்துப் படித்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எல்லாம் சொற்பம். விரல் கீழே போய் அக்டோபரில் நின்றது. நவம்பரில் நின்றது. உதடு அசைந்தது. சாக்பீஸை டீச்சர் கையிலிருந்து கேட்காமலே வாங்கினாள். கிழக்குக் கடலுக்கு மேலே, வடகிழக்கிலிருந்து நிலத்தைப் பார்த்து, நீளமாக ஓர் அம்பு போட்டாள்.

"காத்து திரும்பிடுது டீச்சர்! கடலைத் தாண்டி ஈரத்தோட வருது. இவங்களுக்கு மழை அப்பதான்!"

"இந்த அம்பு சரியா?" என்றாள் டீச்சர் வகுப்பைப் பார்த்து.

நாற்பத்தோரு பேரும் பதில் சொல்லவில்லை. முதலில் அட்டவணையைப் பார்த்தார்கள்.